பருப்பு வேகாத ஊரிலிருந்து

ஊட்டி,
ஞாயிறு மாலை

அன்புள்ள சுந்தரம்,

உன் பாட ஒலிப்பதிவைக் கேட்டேன். விஷயத்தில் குறையில்லை. ஆனால் வானொலிச் செய்தி மாதிரி இருக்கிறது என்று நீயே எழுதியிருந்தாய், அது உண்மைதான். நானும் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன் என்பதால் சொல்கிறேன்.

போன மாதம் கொதிநிலைப் பாடத்தைப் பதிவு செய்தேன். பத்து நிமிடத்தில் ஆறு தடவை "புரிந்ததா?" என்று கேட்டிருக்கிறேன். சமையலறையிலிருந்து கமலா, "யாரைக் கேக்குறீங்க? சுவரையா?" என்றாள். நியாயம்தானே? வகுப்பில் அப்படிக் கேட்டால் முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பதிவில் அதற்கு வழியில்லை.

மறுநாள் மாற்றிப் பதிவு செய்தேன். "குக்கர் இல்லாமல் இந்த ஊரில் துவரம்பருப்பு வேகவைத்திருக்கிறீர்களா? அடுப்பைப் பெரிதாக வைத்தால் சீக்கிரம் வெந்துவிடுமா?" அதோடு நிறுத்தி நான்கு விநாடி பேசாமல் இருந்தேன். அப்புறம், "வெந்துவிடும் என்றுதானே நினைத்தீர்கள்?" என்று தொடங்கினேன். இங்கே 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயைக் கூட்டினால் ஆவிதான் வேகமாகப் போகும், சூடு ஏறாது. கேட்பவர் தன் மனதில் ஒரு பதிலைச் சொல்லிவிட்டால், அடுத்து வரும் விளக்கம் அந்தப் பதிலோடு மோதும். அதனால் கேள்வியை எழுதும்போதே எந்தத் தப்பான பதில் வரும் என்று யோசித்து வைத்துக்கொள். அது தோன்றவில்லையென்றால் அந்தக் கேள்வியே வேண்டாம். பத்து நிமிடத்துக்கு இரண்டு மூன்று போதும். அதற்கு மேல் போனால் பட்டிமன்றம் ஆகிவிடும்.

அந்த நான்கு விநாடிதான் கஷ்டம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், மூன்று விநாடி பொறுத்தால் மாணவர்களின் பதில்கள் நீளமாகவும் யோசித்தும் வருகின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே கண்டு சொன்னார். நாமோ பதிவில் அந்த ஒரு விநாடியைக்கூட விடுவதில்லை. என் எடிட்டிங் செயலி மௌனத்தையெல்லாம் தானாக வெட்டித் தள்ளிவிட்டது. அந்த வசதியை அணைத்துவிடு. மௌனத்தை முழு நிசப்தமாகவும் ஆக்காதே, பதிவு நின்றுவிட்டதென்று செல்போனைத் தட்டுவார்கள். பேசாமல் இருக்கும்போது அறையின் ஓசை கேட்க வேண்டும். என் பதிவில் தகரக் கூரையில் தூறல் விழும் சத்தம் இருக்கிறது. அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்று, "மாணவர்களே" என்று அழைக்கிறாயே, அதை எடுத்துவிடு. கேட்பது பேருந்தில் காதில் இயர்போன் மாட்டிய ஒரு பையன். "நீங்கள் எல்லோரும்" என்றால் அவன் கூட்டத்தில் ஒளிந்துகொள்வான். வெறும் "நீங்கள்" போதும். நான் மைக்குக்குப் பின்னால் பழைய மாணவன் ஒருவனின் புகைப்படத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். அவன் கடைசி பெஞ்சுக்காரன், எதையும் சட்டென்று நம்பமாட்டான்.

உன் ஒளிவிலகல் பாடத்தில், தண்ணீருக்குள் நாணயம் மேலே தெரிவதைச் சொல்லும் இடத்தை மட்டும் இப்படி மாற்றி அனுப்பு. நான் பஸ்ஸில் குன்னூர் போகும்போது கேட்கிறேன்.

அன்புடன்,
ராஜு