அதே வேலை, அதே எண்

மேடம்,

இன்று காலை உங்களுக்கு மறுபடியும் மெயில் போட்டுவிட்டேன். தொந்தரவுக்கு மன்னியுங்கள். ஆனால் இன்டர்வியூ முடிவைச் சொல்வதாக நீங்கள் சொன்ன திங்கட்கிழமை போய் வெகுநாள் ஆகிறது. நேற்று அதே வேலை லிங்க்டுஇன்னில் "Reposted" என்று வந்ததைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது.

அப்புறம் கம்பெனியின் தளத்துக்கே போய்ப் பார்த்தேன். வேலை எண் பழையதுதான். எண் மாறியிருந்தால் புதிதாக ஓர் இடம் திறந்திருக்கலாம் என்று நினைத்திருப்பேன். அதே எண் என்றால் பழைய காலியிடம் இன்னும் மூடவில்லை. விளம்பரக் கெடு முடிந்து தானாகவே புதுப்பிக்கப்பட்டிருக்கவும் கூடும். ஆனால் விண்ணப்பித்தபோது சேமித்து வைத்திருந்த பழைய விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு வரி மாறியிருக்கிறது. நம் கணக்கை ஜிஎஸ்டி தளத்தில் உள்ள பில்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ஜிஎஸ்டி ரிகன்சிலியேஷன் "தெரிந்திருந்தால் நல்லது" என்றிருந்தது, இப்போது "கட்டாயம்". அதை யாரோ உட்கார்ந்து திருத்தியிருக்கிறார்கள்.

அன்று நீங்கள் லேப்டாப்பைத் தள்ளி வைத்துவிட்டு, "சப்ளையர் பில் நம்ம புக்ஸ்ல இருக்கு, 2பி-ல இல்ல. என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டீர்கள். தாள் கேட்டேன், உங்கள் பேனாவையும் சேர்த்துக் கொடுத்தீர்கள். சப்ளையர் தன் விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1-ஐ 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்யாவிட்டால், 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் நமக்கு வரும் கொள்முதல் பட்டியலான 2பி-யில் அந்த பில் இருக்காது. அவர் தாமதமாகத் தாக்கல் செய்தால் அடுத்த மாதத்தில்தான் ஏறும். அதுவரை, வாங்கும்போது கட்டிய வரியை நம் வரியில் கழித்துக்கொள்ளும் அந்த இன்புட் கிரெடிட்டை எடுக்காமல் தனியாகக் குறித்து வைத்து, சப்ளையரை விரட்டுவேன் என்று கட்டம் போட்டுக் காட்டினேன். நீங்கள் அந்தத் தாளை மடித்து டைரிக்குள் வைத்துக்கொண்டீர்கள். அவ்வளவு பொறுமையாக என்னை யாரும் கேள்வி கேட்டதில்லை.

தாளை எடுத்து வைத்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு, "இல்லை" என்று ஒரு வரி எழுதவா நேரமில்லை? சம்பளம் பிடிப்பார்கள் என்று தெரிந்தே லீவு போட்டு வந்தேன்.

மேலிடத்து ஒப்புதல் வராமல் நீங்களும் காத்திருக்கலாம். இதைப் பலரும் படிப்பார்கள், அதனால் கம்பெனி பெயரோ சம்பளப் பேச்சோ இங்கே வேண்டாம்.

புதிதாக விண்ணப்பிக்கவில்லை. அதே மெயில் முகவரியில் போட்டால் ஏற்கெனவே விண்ணப்பித்தவர் என்றுதான் காட்டும். நீங்கள் இன்டர்வியூவுக்கு அழைத்த மெயிலுக்கே பதிலாக அனுப்பினேன். கீழே உங்கள் எழுத்தும் இருக்கும், தேட வேண்டியதில்லை. இவ்வளவுதான் எழுதினேன்: "இந்த வேலை எண்ணை மறுபடி பார்த்தேன். என் பெயர் இன்னும் பரிசீலனையில் இருக்கிறதா? இப்போது கட்டாயம் என்று கேட்டிருக்கும் ரிகன்சிலியேஷனை நான் மாதாமாதம் செய்கிறேன். வேறோர் இடத்துக்கு வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். வியாழனுக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

கோபத்தை அதில் சேர்க்கவில்லை. வியாழன் மாலை வரை அந்த இன்னோர் ஆஃபரில் கையெழுத்துப் போடப் போவதில்லை. உங்களிடம் வேலை செய்யத்தான் எனக்கு இன்னமும் ஆசை.