வருவதை மட்டும் சொல்லும் பெட்டி: சவுண்ட் பாக்ஸ் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கடைகளுக்கு சவுண்ட் பாக்ஸ் வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மெஷினுக்கு நேர் எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. அந்தக் கடைக்காரரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றே அழைப்போம். அவருடைய பெட்டி "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று சொல்வது, மெஷின் ஓடும்போதுகூட எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

அந்தப் பெட்டி அவருக்குத் தேவையில்லை என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒரு கையில் வடிகட்டி, மறு கையில் பால் குவளை என்று நிற்பவரால் ஒவ்வொரு டீக்கும் போனை எடுத்துப் பார்க்க முடியாது. ஒருமுறை அவர் ஒலியை மிகவும் குறைத்து வைத்திருந்தார். அன்று டீயும் பன்னும் சாப்பிட்ட நான்கு இளைஞர்கள், பச்சை நிற டிக் போட்ட திரையைக் காட்டிவிட்டுப் போனார்கள். இரவு கணக்குப் பார்த்தபோது அந்த 180 ரூபாய் வந்திருக்கவில்லை. பணம் செலுத்தியதுபோலத் திரையை மட்டும் காட்டும் போலிச் செயலிகள் இருப்பது உங்களுக்கும் தெரியும். பணம் உண்மையாகவே செலுத்தப்பட்ட பிறகே பெட்டிக்குத் தகவல் வருகிறது என்பதால்தான் அவர் வாடிக்கையாளரின் திரையை விட்டுவிட்டு அந்தக் குரலை நம்புகிறார். தொகையும் காதில் விழ வேண்டும்; இல்லையென்றால் 150 கொடுக்க வேண்டியவர் 15 அனுப்பிவிட்டுப் போனாலும் அவருக்குத் தெரியாது. ஆகவே அடுத்த நாளே ஒலியை முழுதாகக் கூட்டிவிட்டார்.

அந்த நிலையில்தான் சென்ற மாதம் அவருடைய தங்கை மகன், பாட்டியின் கண் அறுவைச் சிகிச்சைக்காக 20,000 ரூபாய் அனுப்பினான். மாமாவின் கடையில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டையின் படம் அவன் போனில் இருந்ததால் அதையே பயன்படுத்திவிட்டான். மாலை ஆறு மணி. பெஞ்சில் இடமில்லாத கூட்டம். பெட்டி முழுத் தொகையையும் தெருவுக்கே சொன்னது. அண்ணன் ஒரு தண்டல் எடுத்திருக்கிறார்: கையில் 17,000 வாங்கி, நாளொன்றுக்கு 200 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அப்போது 8,000 பாக்கி இருந்தது. தண்டல்காரர் அன்றிரவே வந்து, "இவ்வளவு பணம் வந்திருக்கே, மொத்தமா முடிச்சிடுங்க" என்று நின்றார். கடையில் வேலை செய்யும் பையன் தன் சம்பள முன்பணத்தைக் கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை. அவனும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தான். அது யாருடைய பணம், எதற்கான பணம் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டிய நிலைக்கு அண்ணன் ஆளானார். தாயின் நோயைப் பற்றித் தெருவில் நின்று பேசியது அவரை மிகவும் வருத்தியது.

பெரிய தொகை வராத நாட்களிலும் இதே துன்பம் சிறிய அளவில் இருக்கவே செய்கிறது. பெட்டி வருவதை மட்டுமே சொல்கிறது. பால் பாக்கெட்டுக்கும் டீத்தூளுக்கும் 19 கிலோ சிலிண்டருக்கும் கடை வாடகைக்கும் போகும் பணத்தை அது சொல்வதில்லை. காலை முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பவர் மனத்தில் கூட்டிக்கொண்டே போய், விற்பனை முழுவதையும் லாபம் என்று எண்ணிக்கொள்கிறார். கடன் கேட்டு வரும் உறவினருக்கு இல்லை என்று சொன்னால், அண்ணன் பொய் சொல்வதாகவே அவர்களுக்குப் படுகிறது.

குடும்பப் பணம் வருவதற்குத் தனி யுபிஐ முகவரி வைத்துக்கொண்டால் பெட்டி அதைச் சொல்லாது என்பது எனக்குத் தெரியும். இப்போது அண்ணனுக்கும் அப்படி ஒன்று வைத்துக் கொடுத்துவிட்டோம். ஆனால் பெட்டியைப் பொருத்த வந்த உங்கள் ஆள் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பொருத்தும் அன்றே தமிழில் இதை விளக்கிச் சொல்வதை அவருடைய வேலையில் ஒரு பகுதியாக ஆக்குங்கள்.

அடுத்ததாக, கடைக்காரரே வைத்துக்கொள்ளும் ஒரு வரம்பு வேண்டும். அதற்கு உட்பட்ட தொகையைப் பெட்டி இப்போதுபோலவே சத்தமாகச் சொல்லட்டும். அதற்கு மேற்பட்டால் "பணம் பெறப்பட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டு, தொகையைக் கடைக்காரர் பக்கம் திரும்பிய திரையில் காட்டட்டும். சிறு திரையுள்ள பெட்டிகள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. திரை இல்லாத பழைய பெட்டி வைத்திருப்பவர், அந்த ஒரு தொகையை மட்டும் தம் போனில் பார்த்துக்கொள்ளலாம். மாதந்தோறும் வாடகை கட்டுபவருக்கு இந்த அளவு உரிமையாவது இருக்க வேண்டும்.

எவ்வளவு வரம்பு வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டேன். 300 ரூபாய் போதும் என்றார். பக்கத்து பட்டறைகளிலிருந்து மொத்தமாக டீ வாங்கும் நாட்களைத் தவிர, அவர் கடையில் ஒருவரே அதற்கு மேல் கொடுப்பதில்லை.

இப்படிக்கு,
எதிர்க்கடைத் தையற்காரர்,
தண்டையார்பேட்டை, சென்னை