44.8 மி.லி. என்று எழுதும் பதிவேடுகள் பற்றி

கன்னியாகுமரி மாவட்ட மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மெக்னீசிய நாடாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து ஹைட்ரஜனை நீரின்மேல் சேகரிக்கும் சோதனையை நீங்கள் செய்யவைக்கிறீர்கள். பிள்ளைகளின் பதிவேடுகளைப் புரட்டினால் விடை பெரும்பாலும் 44.8 மி.லி.தான். நாகர்கோவிலில் உள்ள ஓர் ஆய்வகத்தில் அந்த அளவு கிடைப்பது அரிது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பள்ளித் தராசில் 5 செ.மீ. நாடாவை நம்பி நிறுக்க முடியாது. ஒரு மீட்டரை நிறுத்து, நீளத்தால் வகுப்பதே நல்லது. ஒரு மீட்டர் 0.97 கிராம் என்றால் 5 செ.மீ. 0.0485 கிராம். 24.3ஆல் வகுத்தால் 0.002 மோல்.

Mg + 2HCl → MgCl₂ + H₂

ஆகவே ஹைட்ரஜனும் 0.002 மோல். அதை 22.4 லிட்டரால் பெருக்கினால் 44.8 மி.லி. வந்துவிடுகிறது. ஆனால் 22.4 என்பது 0 டிகிரி செல்சியஸுக்கும் 1 வளிமண்டல அழுத்தத்துக்கும் உரிய மோலார் கனஅளவு. நம் கடலோரத்தில் 0 டிகிரியை யார் கண்டது?

அறையில் 30 டிகிரி, அதாவது 303 கெல்வின் என்று வைத்துக்கொள்வோம். வெளி அழுத்தம் 101.3 கிலோபாஸ்கல். நீரின்மேல் சேகரித்த வாயுவில் நீராவியும் கலந்திருக்கிறது. 30 டிகிரியில் அதன் அழுத்தம் ஏறத்தாழ 4.2 கிலோபாஸ்கல். ஹைட்ரஜனின் பங்கு 97.1 மட்டுமே. PV = nRT-இல் இட்டால், 0.002 × 8.314 × 303 ÷ 97.1 = 0.0519 லிட்டர். அதாவது 51.9 மி.லி. 50 மி.லி. பியூரெட் போதாது, 100 மி.லி. அளவுசாடி வையுங்கள்.

சோதித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. 51.9 மி.லி.யை 22.4ஆல் திருப்பிக் கணக்கிட்டால் மெக்னீசியம் 0.0563 கிராம் என்று வரும். போட்டதைவிடக் கூடுதலான உலோகம் கரைந்ததாகக் கணக்குச் சொல்கிறது! இதைக் கண்டதும் மாணவர் கையிலெடுக்க வேண்டியது வெப்பநிலைமானி. இப்போது எடுப்பதோ ரப்பர்.

51.9-ஐவிட உண்மையிலேயே குறைந்தோ கூடியோ வந்தால் காரணங்கள் வேறு. நாடாவின் கருத்த ஆக்சைடு படலத்தை உப்புத்தாளால் தேய்க்காமல் விட்டிருக்கலாம், அது ஹைட்ரஜன் தராது. சாடிக்குள் நீர்மட்டம் வெளிமட்டத்தைவிட உயர்ந்து நின்றால் உள்ளே அழுத்தம் குறைந்து, கனஅளவு கூடித் தெரியும். மட்டங்களைச் சமப்படுத்திய பிறகே அளவெடுக்க வேண்டும்.

கடற்கரையில் பொறுக்கிய சிப்பியை வைத்துக் கார்பன் டைஆக்சைடு சோதனை செய்வோரும் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் அவ்வாயு நீரில் நன்றாகவே கரையும். நீரின்மேல் சேகரித்தால் கணக்கு குறைந்தே நிற்கும். அங்கே வாயு வெளியேறுவதால் குறையும் எடையை நிறுப்பது மேல்.

பதிவேட்டின் அட்டவணையில் வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் இரண்டு பத்திகள் சேருங்கள். அவை வெற்றாக இருக்கும் பக்கத்தில் 44.8 இருந்தால், கையெழுத்திடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்