தந்தை பெயரில் முகவரிச் சான்று இருப்பதைக் காரணம் காட்டி கே.ஒய்.சி.யை முடிக்க மறுப்பது குறித்த புகார்

அனுப்புநர்:
சேமிப்புக் கணக்கு வாடிக்கையாளர், தாம்பரம்
(பெயர், கணக்கு எண், கைபேசி எண் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
முதன்மை நோடல் அதிகாரி அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
வங்கித் தலைமை அலுவலகம்

பொருள்: ஓ.டி.பி. வழியாகத் தொடங்கிய சேமிப்புக் கணக்கை முழு கே.ஒய்.சி. கணக்காக மாற்றக் கிளை மறுத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வேலையில் சேர்ந்தபோது சம்பளம் பெறுவதற்காகத் தங்கள் வங்கியின் செயலியில் ஆதார் ஓ.டி.பி. மூலம் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கினேன். நேரில் வராமல் இப்படித் தொடங்கும் கணக்கில் இருப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது, ஒரு நிதியாண்டின் மொத்த வரவு இரண்டு லட்சத்தைத் தாண்டக் கூடாது, ஓராண்டுக்குள் முழுச் சரிபார்ப்பை முடிக்காவிட்டால் கணக்கு மூடப்படும் என்ற ரிசர்வ் வங்கியின் வரம்புகளை அறிந்தே தொடங்கினேன். அந்தச் சரிபார்ப்பை முடிக்கத்தான் கிளைக்கு வந்தேன். அங்கு என்னிடம் கேட்கப்பட்ட ஆவணங்கள் விதிமுறைக்குப் பொருந்தாதவை என்பதாலும், அதை எடுத்துச் சொல்லியும் பயனில்லாமல் போனதாலும் இப்புகாரைத் தங்களுக்கு அனுப்புகிறேன்.

நாங்கள் மதுரையிலிருந்து தாம்பரத்தில் அப்பா வாங்கிய வீட்டுக்குக் குடிவந்தவர்கள். மின் இணைப்பு, சொத்து வரி, குடிநீர் வரி எல்லாம் அவர் பெயரில்தான் இருக்கின்றன. திருமணமாகாமல் பெற்றோருடன் வசிக்கும் பெரும்பாலான பிள்ளைகளின் நிலை இதுவே. முதல்முறை கிளைக்குச் சென்றபோது என் ஆதாரில் மதுரை முகவரியே இருந்தது. ஆகவே ஆதாரையும் பான் அட்டையையும், அப்பா பெயரில் உள்ள அண்மைய மின்கட்டண ரசீதையும், தற்போது தாம்பரத்தில் வசிக்கிறேன் என்று நான் கையொப்பமிட்ட உறுதிமொழியையும் கொண்டு சென்றேன்.

கே.ஒய்.சி. பணிகளைக் கவனிக்கும் அலுவலர் ரசீதில் இருந்த பெயரைப் பார்த்த உடனேயே அதைத் திருப்பித் தந்துவிட்டார். அது என் பெயரில் இல்லாததால் தனியாக அதை மட்டும் வைத்து என் முகவரியை ஏற்க முடியாது என்று அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. மின்சாரம், தொலைபேசி, போஸ்ட்பெய்டு கைபேசி, குழாய்வழி எரிவாயு, குடிநீர் ஆகியவற்றின் இரண்டு மாதத்துக்கு மேற்படாத ரசீதுகளையும், சொத்து வரி ரசீதையும், முகவரி குறிப்பிட்ட அரசு ஓய்வூதிய ஆணையையும், அரசு நிறுவனங்கள், வங்கிகள், பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் போன்றவை தம் ஊழியருக்கு அளிக்கும் குடியிருப்பு ஒதுக்கீட்டுக் கடிதத்தையும் முகவரிக்காக மட்டும் ரிசர்வ் வங்கி ஏற்கிறது. அவற்றைக் கொடுத்தவர் மூன்று மாதத்துக்குள் புதிய முகவரியுள்ள, ஆதார், கடவுச்சீட்டு போன்ற முதன்மை ஆவணத்தையும் கொடுக்க வேண்டும். இவை வாடிக்கையாளருக்கு உரியவையாக இருக்க வேண்டும் என்பது நியாயமே. தமிழ்நாட்டில் மின் அளவீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் என்பதால், சொந்தப் பெயரில் ரசீது உள்ளவர்கள்கூட அடுத்த கணக்கெடுப்பு தாமதமானால் இந்தக் கால வரம்பைத் தாண்டிவிட நேர்கிறது என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

நான் ஏற்க முடியாதது அதன் பிறகு நடந்தது. அப்பாவுக்கும் எனக்கும் இடையே முத்திரைத்தாளில் வாடகை ஒப்பந்தம் எழுதி வரும்படி அலுவலர் கூறினார். நான் அப்பாவுக்கு வாடகை கொடுப்பதில்லை. இல்லாத வாடகையை இருப்பதாகக் காட்டும் பத்திரத்தை வங்கியிடம் தருவது பொய்யான ஆவணத்தைத் தருவதாகும். மேலும், தனிநபர்களுக்கிடையே எழுதப்படும் சாதாரண வாடகை ஒப்பந்தம் மேலே சொன்ன பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் உள்ள மின் ரசீதை வேறொருவர் பெயரில் இருப்பதால் தள்ளிவிட்டு, பட்டியலில் இல்லாத ஒன்றை, அதுவும் உண்மைக்கு மாறானதை, ஒரு வங்கி அலுவலர் எப்படிக் கேட்க முடிகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்றே முடித்திருக்கக்கூடிய வழி ஒன்று இருந்தது. வாடிக்கையாளர் தாமாக முன்வந்து ஆதார் எண்ணைக் கொடுத்து, வங்கி அதை மின்னணு முறையில் சரிபார்க்கும்போது, ஆதார்ப் பதிவில் உள்ள முகவரியும் தற்போதைய முகவரியும் வேறாக இருந்தால், அவர் தற்போதைய முகவரியைச் சுய உறுதிமொழியாக அளிக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. வழிகாட்டுதல் கூறுகிறது. என் கையில் இருந்தது அந்த உறுதிமொழிதான். கிளையின் மேசைமேல் கைரேகைக் கருவியும் இருந்தது. விரலை வைத்துச் சரிபார்த்து, உறுதிமொழியைக் கோப்பில் சேர்த்திருந்தால் சில நிமிடங்களில் முடிந்திருக்கும். அந்தத் தாளை அவர் வாங்கிப் படிக்கவே இல்லை.

பொய்ப் பத்திரம் எழுத மனமில்லாததால் ஆதாரிலேயே முகவரியை மாற்றிக்கொள்ள முடிவு செய்தேன். தம் பெயரில் எந்த முகவரிச் சான்றும் இல்லாதவர்களுக்காகவே, குடும்பத் தலைவரின் ஒப்புதலோடு அவருடைய ஆதார் முகவரிக்கு மாறிக்கொள்ளும் இணையவழி வசதியை ஆதார் ஆணையம் 2023 ஜனவரியில் அறிவித்தது. பதினெட்டு வயது நிறைந்த எவரும் இதில் குடும்பத் தலைவராக இருக்கலாம். அவருடைய ஆதாரில் புதிய முகவரி முன்பே இருக்க வேண்டும் என்பதால், முதலில் அப்பா தம் பெயரிலுள்ள ஆவணத்தைக் கொண்டு தம் ஆதாரைத் திருத்திக்கொண்டார். பிறகு நான் மைஆதார் தளத்தில் அவருடைய ஆதார் எண்ணைக் குறிப்பிட்டு, உறவுக்குச் சான்றாக எங்கள் இருவர் பெயரும் உள்ள குடும்ப அட்டையைப் பதிவேற்றிக் கட்டணம் செலுத்தினேன். உறவுமுறைச் சான்று இல்லாதவர்களுக்குக் குடும்பத் தலைவர் ஆணையத்தின் படிவத்தில் உறுதிமொழி தரும் வழியும் உண்டு. கோரிக்கை எண் வந்ததும் அப்பாவின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. முப்பது நாட்களுக்குள் அவர் அதே தளத்தில் உள்நுழைந்து சம்மதம் தர வேண்டும். தராவிட்டால் கோரிக்கை முடிக்கப்பட்டுவிடும், கட்டணமும் திரும்பாது. அப்பா உடனே சம்மதித்தார். இப்போது என் ஆதாரில் தாம்பரம் முகவரி உள்ளது.

இந்த ஆதாரோடு மீண்டும் கிளைக்குச் சென்றேன். முகவரி வரி "சி/ஓ" என்று அப்பாவின் பெயரோடு தொடங்குவதைச் சுட்டிக்காட்டி, இது அடையாளச் சான்றுக்குத்தான் ஆகும், முகவரிக்கு என் பெயரில் வேறு ஒரு தாள் வேண்டும் என்றார் அதே அலுவலர். இது முற்றிலும் தவறு. கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், ஆதார் எண் வைத்திருப்பதற்கான சான்று, வாக்காளர் அடையாள அட்டை, மாநில அரசு அதிகாரி கையொப்பமிட்ட நூறு நாள் வேலை அட்டை, பெயரும் முகவரியும் கொண்ட தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கடிதம் ஆகிய ஆறும் அதிகாரபூர்வமாகச் செல்லத்தக்க ஆவணங்கள். இவற்றுள் தற்போதைய முகவரியுள்ள ஒன்றே அடையாளத்துக்கும் முகவரிக்கும் போதும். இரண்டாவது முகவரிச் சான்று கேட்கத் தேவையில்லை. முகவரி வரியில் தந்தையின் பெயர் இருப்பதால் ஆதாரின் தகுதி குறைந்துவிடாது. அந்த அட்டை என்னுடையது, அந்த எண்ணோடு பதிவாகியுள்ள கைரேகையும் என்னுடையது.

பெற்றோர் பெயரிலுள்ள ஆவணத்தைப் பிள்ளைக்காக ஏற்பது சட்டத்துக்குப் புறம்பான சலுகை என்று கிளை கருதுவதாகத் தெரிகிறது. ஆதார் ஆணையம் மட்டுமல்ல, தேர்தல் ஆணையமும் அதை ஏற்கிறது. பதினெட்டு வயது நிரம்பிய என் தம்பி வாக்காளராகச் சேர அளித்த படிவம் 6-இல், அதே முகவரியில் ஏற்கெனவே வாக்காளராக உள்ள பெற்றோரின் பெயரில் உள்ள முகவரிச் சான்றைக் கொடுக்கலாம் என்றே அச்சிடப்பட்டுள்ளது. கிளை திருப்பித் தந்த அதே மின் இணைப்பின் ரசீதை வைத்துத்தான் அவனுக்கு வாக்காளர் அட்டை கிடைத்தது. அந்த அட்டை மேலே சொன்ன ஆறில் ஒன்று. ஆகவே தந்தையின் ரசீது வங்கிக்கு நேரடியாகச் செல்லாவிட்டாலும், பிள்ளையின் பெயரில் செல்லத்தக்க ஆவணம் பெறுவதற்கு அதுவே அடிப்படையாகிறது. இந்த இரண்டு வழிகளில் ஒன்றையாவது முதல் நாளே அலுவலர் சொல்லியிருந்தால், வாடகைப் பத்திரம் என்ற பேச்சே எழுந்திருக்காது.

மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டேன். அப்படித் தரும் வழக்கம் இல்லை என்றார்கள். கணக்குத் தொடங்கும் விண்ணப்பத்தையோ கே.ஒய்.சி. புதுப்பிப்பையோ உரிய முறையில் பரிசீலிக்காமல் நிராகரிக்கக் கூடாது, நிராகரித்தால் அதற்கான காரணத்தை அலுவலர் பதிவு செய்ய வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தன் வழிகாட்டுதலைத் திருத்தியுள்ளது. என் விஷயத்தில் பதிவு செய்யப்பட்ட காரணம் ஏதும் இருந்தால் அதன் நகலைக் காண விரும்புகிறேன்.

என் கணக்கின் வரவு இரண்டு லட்ச வரம்பை நெருங்கிவிட்டது. அதைத் தாண்டினால் அடுத்த சம்பளம் கணக்கில் சேராமல் திரும்பிவிடக்கூடும். சம்பளக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்ற எங்கள் அலுவலக விதிகளின்படி சில வாரங்கள் ஆகும். வீட்டுக் கடன் தவணையில் ஒரு பங்கை நான்தான் கட்டுகிறேன் என்பதால், இந்தத் தாமதம் என் குடும்பம் முழுவதையும் பாதிக்கும்.

ஆகவே என் புதுப்பிக்கப்பட்ட ஆதாரைக் கொண்டு கைரேகைச் சரிபார்ப்பை உடனே முடித்து, கணக்கின் மீதான ஓ.டி.பி. கணக்கு வரம்புகளை நீக்கும்படி கிளைக்கு உத்தரவிட வேண்டுகிறேன். இரண்டு முறையும் என்னைத் திருப்பி அனுப்பிய காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தந்தை, தாய் பெயரில் மட்டும் சான்று உள்ளவர்களிடம் வாடகை ஒப்பந்தம் கேட்கும் வழக்கம் உங்கள் உள் சரிபார்ப்புப் பட்டியலில் இருந்தால் அதை நீக்கி, குடும்பத் தலைவர் ஒப்புதல் வழியை அலுவலர்கள் எடுத்துச் சொல்லும்படி அறிவுறுத்தவும் கோருகிறேன்.

இப்புகார் கிடைத்த முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வரும் பதில் நிறைவளிக்காவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தின் வழியாக ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் முறையிடுவேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆதார் நகல், முன்பு அளித்த சுய உறுதிமொழியின் நகல், குடும்ப அட்டையின் நகல், ஆதார் முகவரி மாற்றக் கோரிக்கையின் ஒப்புகைச் சீட்டு ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். மூல ஆவணங்களுடன் தாங்கள் குறிப்பிடும் நாளில் கிளைக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)