சரண்டர் கடிதம் பற்றி வீராசாமிக்கு

ரோஸ் ஹில், மொரீஷியஸ்,
பிப்ரவரி

அன்புள்ள வீராசாமி,

உன் கடிதமும், வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய படங்களும் வந்து சேர்ந்தன. காவடி முடிந்து விரதம் விட்ட கையோடு புயல் எச்சரிக்கையும் வந்துவிட்டதால் இந்த வாரம் முழுக்க வீட்டுக்குள்ளேதான். மின்சாரம் போய்ப் போய் வந்தது. சின்னவன் பரீட்சைக்குப் படிக்காததற்கு அதுவே சாக்கு. உங்கள் மாஏபூர் பக்கம் மழை கடுமையாக இருந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். உன் மொட்டை மாடி ஒழுகுகிறது என்று படித்தபோது ஆச்சரியப்படவில்லை. உன் அப்பா காலத்துக் காங்கிரீட் அது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாடிக்கு நீர்க்காப்புப் பூச்சு அடிக்க எண்பதாயிரம் ரூபாய் கேட்கிறார்கள், பாலிசியைப் பாதியில் முடித்து சரண்டர் செய்தால் எவ்வளவு வரும் என்று எழுதிக் கேட்டாய், இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய பதிலில் ரூ. 61,557 என்று இருக்கிறது. "கட்டியது 1,44,000, வருவது அதில் பாதிகூட இல்லை, இது பகல் கொள்ளை" என்று எழுதியிருக்கிறாய். 2015-இல் இன்சூரன்ஸ் நடத்திய பி.ஏ.ஐ. குழுமம் சரிந்து, சூப்பர் கேஷ் பேக் கோல்ட் பாலிசிக்காரர்கள் தெருவுக்கு வந்ததை நாம் இரண்டு பேரும் பார்த்தவர்கள். அதனால் உன் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் பாலிசி சர்வீஸ் மேசையில் உட்கார்ந்திருந்த காலத்தில், இப்படி 'கட்டியது இவ்வளவு, வருவது இவ்வளவு' என்று இரண்டே எண்களைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்தான் அதிகம். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வரிகளை யாரும் படிப்பதில்லை.

கடிதத்தின் கீழ்ப்பாதியைப் பார். மொத்த சரண்டர் தொகை 97,200. அதிலிருந்து கடன் 30,000, கடன் வட்டி 5,643 கழித்து, கைக்கு வருவது 61,557. இரண்டு வருடத்துக்கு முன் உன் மகள் ரெதுவியில் உள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது பாலிசி மேல் முப்பதாயிரம் வாங்கினாயே, அந்தக் கடன்தான் இது. 9 சதவீத வட்டி, ஒரு ரூபாய்கூடத் திருப்பிக் கட்டவில்லை, அதனால் வட்டிக்கு வட்டி ஏறியிருக்கிறது. அந்தப் பணம் ஏற்கெனவே உன் கைக்கு வந்து செலவாகிவிட்டது. ஆகவே 1,44,000-உடன் ஒப்பிட வேண்டிய எண் 97,200. குறைவு 46,800. இதுவும் வலிக்கும் தொகைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ நினைத்த 82 ஆயிரம் இல்லை.

இந்த 97,200 எப்படி வந்தது? உன்னுடையது 20 வருட எண்டோமென்ட், அதாவது உயிர்க்காப்போடு முடிவில் பணமும் தரும் சேமிப்புப் பாலிசி, காப்புத்தொகை 3 லட்சம், வருடத்துக்கு 16,000 பிரீமியம். 9 தவணை கட்டியிருக்கிறாய். இருபதில் ஒன்பது பங்கு கட்டியதால், 3 லட்சத்தில் அதே பங்கு, அதாவது 1,35,000 உன் பெயரில் நிற்கிறது. இதைத்தான் பெயிட் அப் மதிப்பு என்பார்கள். இதன்மேல் போனஸ். ஆயிரத்துக்கு 30 வீதம் அறிவித்திருக்கிறார்கள். 3 லட்சத்துக்கு வருடம் 9,000, ஒன்பது வருடத்துக்கு 81,000. இரண்டும் சேர்ந்து 2,16,000.

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுவது. அந்த 2,16,000 இன்று கிடைக்கும் பணம் இல்லை. இன்னும் 11 வருடம் கழித்துக் கிடைக்க வேண்டியது. அதை இன்றே கொடு என்று கேட்டால், காத்திருக்காத காலத்துக்கான வட்டியைக் கழித்துக்கொண்டு தருவார்கள். உனக்குப் போட்டிருக்கும் பங்கு 45 சதவீதம். 2,16,000-இல் 45 சதவீதம் சரியாக 97,200. முதிர்வு நெருங்க நெருங்க இந்தச் சதவீதம் ஏறும். முதல் சில வருடங்களில் சரண்டர் செய்தவர்களுக்கு அழுகைதான் மிச்சம், ஏனென்றால் முதல் வருடப் பிரீமியத்தின் பெரும் பகுதி ஏஜென்ட் கமிஷனுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் பாலிசி போட்ட செலவுக்கும் போய்விடும். ஒன்பது வருடம் உன் உயிருக்கு 3 லட்சம் காப்பு கொடுத்ததற்கான விலையும் பிரீமியத்துக்குள்தான் இருக்கிறது. நீ செத்துப்போகவில்லை என்பதால் அது வீண் செலவு ஆகிவிடாது.

பாலிசிப் பத்திரத்தில் 'உத்தரவாத சரண்டர் மதிப்பு 30 சதவீதம்' என்று இருப்பதைப் பார்த்து இன்னும் குழம்பியிருக்கிறாய். உன் பாலிசியில் அந்த 30 சதவீதத்துக்கு முதல் வருடப் பிரீமியத்தையும், விபத்துக் காப்புக்காக நீ வருடம் கட்டும் 600-ஐயும் சேர்க்கமாட்டார்கள். மிச்சம் எட்டு வருடம், 15,400 வீதம் 1,23,200. அதில் 30 சதவீதம் 36,960. இதோடு போனஸுக்கான பண மதிப்பு கொஞ்சம் கூடும். எப்படியும் 97,200 பக்கத்தில் வராது. இரண்டில் எது அதிகமோ அதைத்தான் தர வேண்டும், அதைத்தான் தந்திருக்கிறார்கள். அதனால் கணக்கில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் அலுவலகத்தில் கேட்டுவிடு: கடைசியாக அறிவித்த வருடத்தின் போனஸ் அந்த 81,000-இல் சேர்ந்துவிட்டதா என்று. சில சமயம் கடிதம் அடித்த பிறகு அறிவிப்பு வரும்.

இப்போது நான் சொல்லவந்த முக்கியமான விஷயம். நீ கட்டிய 1,44,000-ஐக் கொஞ்ச நேரம் மற. சரண்டர் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது போனதுதான். உன் கையில் இப்போது இருப்பது 97,200 மதிப்புள்ள ஒரு சொத்து. கேள்வி, அதை எடுத்துவிடுவதா, அங்கேயே விட்டுவைப்பதா என்பது மட்டும்தான்.

விட்டுவைத்து, மீதி 11 தவணையும் கட்டினால், முடிவில் 3 லட்சமும் இருபது வருடப் போனஸ் 1,80,000-உம் சேர்ந்து 4,80,000 வரும். நான் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். முதல் நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் இந்தப் பாலிசி உனக்குத் தருவது வருடத்துக்கு 3.7 சதவீதம்தான். சேமிப்பு என்று பார்த்தால் சுமார் ரகம், அன்றைக்கே என்னைக் கேட்டிருந்தால் வேறு யோசனை சொல்லியிருப்பேன். ஆனால் இன்றிலிருந்து கணக்குப் பார்த்தால், 97,200-உம் இனிக் கட்டப்போகும் 16,000-களும் சுமார் 7 சதவீதம் வளர்கின்றன. ஒரே பாலிசி, இரண்டு விடை. காரணம் எளிது: ஆரம்பச் செலவுகளை நீ ஏற்கெனவே கொடுத்து முடித்துவிட்டாய். கசப்பான பாதி முடிந்தது, இனி வருவதுதான் உனக்கான பாதி. போனஸ் உறுதி இல்லை, அது ஆயிரத்துக்கு 20 ஆகக் குறைந்தாலும் 6 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது.

பிரீமியம் கட்ட முடியாது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பெயிட் அப் ஆக்கிவிடு. இனி எதுவும் கட்ட வேண்டாம், புதுப் போனஸும் வராது, 11 வருடம் கழித்து அந்த 2,16,000 வரும். 97,200 அந்த அளவுக்கு வளர்வது 7.5 சதவீதம். ஆனால் கடனை அப்படியே விட்டால் இதில் ஓட்டை விழும். 9 சதவீதத்தில் அந்த 35,643 பதினொரு வருடத்தில் ஏறக்குறைய 92,000 ஆகும். கையில் மிஞ்சுவது 1,24,000. கடன் வளரும் வேகம் பாலிசி வளரும் வேகத்தைவிட அதிகம், பார்த்தாயா? அதனால் எந்த வழியில் போனாலும் முதலில் அடைக்க வேண்டியது அந்தக் கடன்.

மாடிக்கு வருவோம். சரண்டர் செய்தாலும் உனக்கு 61,557 தான், எண்பதாயிரம் ஆகாது. மீதிக்கு எப்படியும் எங்காவது கேட்கத்தான் போகிறாய். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உனக்குப் பங்கு இருக்கிறது அல்லவா? அவர்கள் 7 சதவீதத்துக்குக் கீழ் கொடுத்தால், அங்கே வாங்கி மாடியைப் பூசு, பாலிசியைத் தொடாதே. 12, 13 என்று கேட்டால் கதை வேறு, அப்போது சரண்டர் செய்வதில் தப்பில்லை, நானே சரி என்பேன். ஆனால் அப்படிச் செய்வதற்கு முன் இன்னொன்றையும் யோசி. பாலிசி எடுத்த 38 வயதில் உனக்கு சர்க்கரை இல்லை. இப்போது இருக்கிறது. இந்தப் பாலிசியை விட்டுவிட்டு அதே 3 லட்சத்துக்குப் புதிதாகக் காப்பு எடுக்கப் போனால் மருத்துவப் பரிசோதனை, கூடுதல் பிரீமியம், சில இடங்களில் முடியாது என்றே சொல்லிவிடுவார்கள். அண்ணியிடம் இதைச் சொன்னாயா? சொல்லாமல் முடிவு எடுக்காதே.

கடிதத்தோடு ஒரு டிஸ்சார்ஜ் படிவம் வந்திருக்கும், கையெழுத்துப் போட்டு அசல் பத்திரத்தோடு அனுப்பச் சொல்லி. அதை இப்போதைக்கு மேசை இழுப்பறையில் வை. கையெழுத்துப் போட்டு, பணம் வந்துவிட்டால் காப்பும் போனஸும் அதோடு சரி, திரும்ப வராது. கடிதத்தில் தொகை எந்தத் தேதிவரை செல்லும் என்று போட்டிருப்பார்கள், அதைத் தாண்டினாலும் ஒன்றும் குடி முழுகாது, புதிதாகக் கணக்குப் போட்டுத் தருவார்கள். மார்ச் கடைசியில் பத்தாவது தவணை வருகிறது, சலுகை நாட்களையும் சேர்த்து அதற்குள் முடிவு செய்தால் போதும். போனஸ் பற்றிக் கேட்டு அவர்கள் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றால் எழுத்தில் புகார் கொடு. அதற்கும் சரிவராவிட்டால் நிதிச் சேவைகளுக்கான ஆம்புட்ஸ்பர்சன் அலுவலகம் இருக்கிறது. அங்கே போகும்போது முதலில் கம்பெனியிடம் கேட்டதற்கான கடிதம் கையில் இருக்க வேண்டும்.

பாலிசிப் பத்திரத்தின் பின்பக்கத்தை நீ படம் எடுக்கவில்லை. பெயிட் அப் நிபந்தனைகள் அங்கேதான் இருக்கும், குறைந்தபட்சத் தொகை ஏதாவது போட்டிருக்கிறதா பார்க்க வேண்டும், அனுப்பு. கடன் சங்கம் என்ன வட்டி சொன்னது என்பதையும் எழுது. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மாடியில் தேங்கும் தண்ணீரை இப்போதைக்குத் துடைத்தாவது வை, அடுத்த மழை வருகிறது என்கிறார்கள்.

அன்புடன்,
சுப்பு