கடலுக்குள் போன கல்லுக்குக் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில், கடல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டி அமைக்கும் தூண்டில் வளைவு வேண்டி மீனவர்கள் கொடுக்கும் மனுக்களைத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. அவ்வேலைகளில் ஒப்பந்ததாரர் பின்னால் கேட்கும் கூடுதல் தொகையை, அதாவது 'வேரியேஷன்' கோரிக்கையை, எப்படிச் சரிபார்ப்பது என்பது குறித்து ஓர் அனுபவத்தை எழுத விரும்புகிறேன். மூலதனப் பணிகளின் உள்தணிக்கையில் நெடுங்காலம் இருந்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான்.

பாக் நீரிணைப் பக்கம், நான் பணியாற்றிய நிறுவனம் ஒன்று 150 மீட்டர் நீளத்துக்குக் கருங்கல் தடுப்பு அமைத்தது. அடிப்பகுதி அகலம் 25 மீட்டர். ஒப்புதல் பெற்ற மதிப்பீட்டில் கல் 20,000 டன். வேலை முடியும் தறுவாயில், வாடைக்காற்று பலமாக வீசியதால் கல் சேற்றில் 40 சென்டிமீட்டர் அமிழ்ந்துவிட்டது என்றும், அதை ஈடுகட்ட 2,400 டன் கூடுதலாகப் போட்டதாகவும் சொல்லி ஒப்பந்ததாரர் அதற்கான தொகையைக் கேட்டார். அந்தக் கடலை அறிந்தவர்களுக்கு இது நம்பக்கூடிய காரணமே. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே அலை எப்படி அடிக்கும் என்பதும், படுகை எவ்வளவு இளகியது என்பதும் எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே யாரும் கேள்வி கேட்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உறுத்தியது. கருங்கல்லைக் குவித்தால், கல்லிடை வெற்றிடம் போக, ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.6 டன் நிற்கும். 2,400 டன் என்பது 1,500 கன மீட்டர். அதை அடிப்பரப்பான 3,750 சதுர மீட்டரால் வகுத்தால் மிகச் சரியாக 40 சென்டிமீட்டர் வருகிறது. கரையோரம் மணலும் முனையில் சேறுமாக இருக்கும் ஒரு படுகை, நீளம் முழுவதும் ஒரே அளவில் எப்படி அமிழும்? அமிழ்வை அளக்க வேண்டிய இரும்புத் தகடு எங்காவது வைத்தார்களா என்று கேட்டேன், வைக்கவில்லை. ஆகவே 40 என்பது அளந்து எழுதிய எண் அன்று, கேட்கும் டன்னிலிருந்து பின்னோக்கி எடுத்த எண்.

அடுத்து மதிப்பீட்டின் விவரத் தாளைப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தின் அடியில், பென்சிலால் கோடிட்ட ஒரு வரியில், 'அமிழ்வுக்கு 30 செ.மீ. சேர்க்கப்பட்டது' என்றிருந்தது. அப்படியானால் முதல் 30 சென்டிமீட்டருக்கான 1,800 டன் 20,000-க்குள்ளேயே அடங்கிவிட்டது. அமிழ்வு உண்மையிலேயே 40 தான் என்று வைத்துக்கொண்டாலும், மிச்சம் 10 சென்டிமீட்டருக்கு 600 டன் மட்டுமே தரத்தக்கது. இந்த 600-ஐயும் மறுப்பது நியாயமில்லை என்றே நான் எழுதினேன். கடல் விழுங்கியதற்கு ஒப்பந்ததாரரைத் தண்டிக்கக் கூடாது.

ஒப்புதல் வந்த வழியும் சரியில்லை. திட்ட மேலாளர் ஒப்பந்த அளவில் 5 விழுக்காடு வரை தாமே கூடுதலுக்கு ஒப்புதல் தரலாம். அதற்கு மேல் இயக்குநர் குழுவிடம் போக வேண்டும். 2,400 டன் என்பது 12 விழுக்காடு. ஆனால் கோப்பில், ஒன்பது நாள் இடைவெளிக்குள், ஒரே காரணத்தைச் சொல்லி, தலா 800 டன்னுக்கு மூன்று ஒப்புதல் கடிதங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 4 விழுக்காடு, ஒவ்வொன்றும் எல்லைக்குள். தனித்தனியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. எடைமேடைச் சீட்டுகளின் தேதியைக் கடிதங்களோடு ஒப்பிட்டபோது, முதல் ஒப்புதலுக்கு மூன்று வாரம் முன்பே கல் இறங்கிவிட்டது என்பதும் புலப்பட்டது. போட்ட பிறகு வாங்கும் பின்னேற்பை முன் ஒப்புதல்போலக் காட்டியிருந்தார்கள்.

இவை எல்லாவற்றையும் நான் கண்டது கல் கடலுக்குள் போன பிறகு. தடுப்பின் மேல் நின்றால் தெரிவது மேல் வரிசைக் கற்கள் மட்டுமே. கீழே என்ன இருக்கிறது என்பதற்கு, கல் போடுவதற்கு முன் எடுத்த படுகை மட்டக் குறிப்பைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்தக் குறிப்போ எங்கள் கோப்பில் ஒரே ஒரு பக்கம், தேதியில்லாமல், ஒப்பந்ததாரரின் ஆள் ஒருவர் கையொப்பத்தோடு மட்டும் இருந்தது.

எனவே இனி வரும் தூண்டில் வளைவு வேலைகளில், முதல் கல் இறங்கும் முன்பே, பத்து மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு வீதம் படுகை மட்டம் எடுக்கப்படும் நாளில் உள்தணிக்கையாளர் ஒருவரும் படகில் இருந்து, அந்தப் பக்கங்களில் கையொப்பமிட வேண்டும் என்றும், கூடுதல் கோரிக்கைகளை ஒரே ஒப்பந்தத்தின் கீழ் ஒன்றாகக் கூட்டிய பிறகே யாருடைய அதிகாரத்துக்குள் வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றும் உரியவர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உள்தணிக்கையாளர்,
தொண்டி வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.