எந்த 30 எஃப்பிஎஸ்? கேம் ஸ்டுடியோக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் கேமின் விற்பனைப் பக்கத்துக்குப் போனால் படங்களைப் பார்க்குமுன் நான் தேடுவது அடியில் கணினித் தேவைகளைச் சொல்லும் 'மினிமம்', 'ரெக்கமண்டட்' கட்டங்களைத்தான். என்னிடம் இருப்பது 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு. வாங்கினால் ஓடுமா என்பதை அந்த இரண்டு கட்டங்களை வைத்தே கணிக்க வேண்டியிருக்கிறது.

பல பக்கங்களில் கார்டின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. எந்த ரெசல்யூஷன், எந்த செட்டிங், நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை எஃப்பிஎஸ், எதுவும் கிடையாது. சைபர்பங்க் 2077-க்கு 2023-இல் வந்த பட்டியல் அந்த வகையில் நேர்மையானது. மினிமம்: ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி, 1080பி, லோ, 30 எஃப்பிஎஸ். ரெக்கமண்டட்: ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர், 1080பி, ஹை, 60 எஃப்பிஎஸ்.

ஆனால் கணக்குப் போட்டால் அதுவும் இடிக்கிறது. 2060 சூப்பரின் வேகத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் 1060. அப்படியென்றால் ஹை செட்டிங்கிலேயே அது முப்பதைத் தாண்ட வேண்டும். லோவிலும் ஏன் அதே 30? சிபியூ வரியைப் பாருங்கள்: மினிமத்தில் ஐ7-6700, ரெக்கமண்டடில் ஐ7-12700. பழைய சிபியூவில், கூட்டமான தெருவிலும் கீழே போகாத எண்ணாக அந்த 30 இருக்கலாம். அதனால் மினிமம் வரியை நான் வாசலாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கணிப்பை ரெக்கமண்டடிலிருந்து கீழ்நோக்கிப் போடுகிறேன்.

என் 1650 ஏறத்தாழ 2060 சூப்பரில் பாதி. ஆக, ஹையில் 30 வரலாம். சரி, அங்கேதான் பொறி இருக்கிறது. ஹை என்பது 8 ஜிபி மெமரிக்கு எழுதிய செட்டிங். என் 4 ஜிபி நிரம்பியதும், சுவர், தரை போன்ற பரப்புகளின் மேல் ஒட்டும் படங்களான டெக்ஸ்சரில் மிச்சம் கணினியின் ராமுக்குப் போய்விடும், அங்கிருந்து எடுத்துவர நேரம் ஆகும். சராசரி எண் பெரிதாக மாறாமலேயே தெருமுனையில் திரும்பும்போது படம் ஒரு கணம் உறையும்.

வேறொரு கேமில் இதில் நன்றாக மாட்டினேன். திரையோரத்தில் எண்களைக் காட்டும் ஓவர்லே சராசரி 38 எஃப்பிஎஸ் என்றது. மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களின் வேகத்தைச் சொல்லும் 1% லோ வெறும் 11. ரெசல்யூஷனைக் குறைத்தேன், சராசரி ஏறியது, உறைவது அப்படியே இருந்தது. அப்புறம் டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி இறக்கினேன். சராசரி ஒன்றோ இரண்டோதான் கூடியது, ஆனால் 1% லோ 27-க்கு வந்தது. ரெசல்யூஷனைக் குறைத்தும் சராசரியே ஏறாமல், கார்டின் பயன்பாடு 60 சதவீதத்தில் நின்றிருந்தால் சிபியூவைச் சந்தேகித்திருப்பேன்.

உங்கள் சோதனைக்கூடத்தில் இந்த எண்கள் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் 1% லோவைச் சேருங்கள். 4 ஜிபி கார்டுக்கு எந்த டெக்ஸ்சர் செட்டிங் என்று தனி வரி போடுங்கள். 60 எஃப்பிஎஸ் என்பது, சிறிய படத்தைப் பெரிதாக்கும் அப்ஸ்கேலிங்கோ, இடையில் புது ஃப்ரேம்களை உருவாக்கிச் செருகும் ஃப்ரேம் ஜெனரேஷனோ போட்ட பிறகு வந்த எண் என்றால், அதை எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் இரண்டு வருடத்துக்குக் கார்டு மாற்ற முடியாத ஒருவன்